தோள் எலும்பா, ஸ்வெட்டர் தையலா: அளவெடுக்கும் வீடியோ ஒன்றைத் திருத்திய கதை

பின்னணி

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மூன்று டிவிசன்களைச் சேர்ந்த 23 பெண்கள், தங்கள் மகளிர் சங்கத்துக்காக ஒரே நிறத்தில் டாப் தைத்துக்கொள்ள நினைத்தார்கள். தீபாவளிக்கு முன் கைக்கு வர வேண்டும். தைக்க ஒப்புக்கொண்டவர் ஹட்டனில் வீட்டோடு சேர்த்துக் கடை வைத்திருக்கும் ஒரு பெண். தையல் வகுப்பும் நடத்துகிறவர் என்பதால் எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவார்கள். ஓர்டரை ஒழுங்குபடுத்தியது எங்கள் சிறு குழு. அளவுச் சீட்டுகளும் வீடியோக்களும் என்னிடம் இருந்ததால் இதை எழுதும் வேலையும் என்னிடம் வந்தது.

உடுப்பு மிக எளியது. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் நேர் வெட்டு டாப். டார்ட் இல்லை, லைனிங் இல்லை. அரைக்கை, இரண்டு பக்கமும் ஸ்லிட், துணி கொட்டன். தையல் வகுப்பில் மூன்றாம் மாதத்துப் பிள்ளை தைத்துவிடும் என்பது டீச்சரின் கணக்கு.

நம் ஊரில் தையலுக்குக் கொடுக்கும்போது யாரும் உடம்பைக் காட்டி அளவு கொடுப்பதில்லை. நன்றாகப் பொருந்தும் பழைய சட்டை ஒன்றைப் பையில் போட்டுக் கொடுத்து, "இதே மாதிரி" என்று சொல்லிவிட்டு வருவோம். இந்த முறை அது உதவவில்லை. பெரும்பாலானவர்களிடம் இருந்தது சாரிச் சட்டையும் நைட்டியும்தான். சாரிச் சட்டை உடம்போடு ஒட்டி நிற்பது, டார்ட் உள்ளது, இடுப்புக்கு மேலே முடிந்துவிடுவது. நைட்டிக்கு அளவு என்று ஒன்று கிடையாது. இந்த இரண்டையும் வைத்து டாப் வெட்ட முடியாது.

ஆட்கள் நேரில் வருவதும் சிரமம். கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு வந்து சேரும் நேரத்தில் ஹட்டன் பஸ்ஸைப் பிடித்துப் போய்த் திரும்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் தண்ணீர், விறகு, துணி துவைப்பு எல்லாம் அந்த ஒரு நாளில்தான். அதனால் அளவெடுக்கும் முறையை வீடியோவாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், அவர்கள் ஒருவருக்கொருவர் அளந்து எண்களை அனுப்பட்டும் என்று தீர்மானித்தோம்.

முதல் வீடியோ

டீச்சரின் கடையில், மதியத்துக்குப் பிறகு, கைபேசியில் எடுத்தது. அளவுக்கு நின்ற பிள்ளை அவருடைய மாணவி. உடம்போடு ஒட்டிய, அழகாகத் தைத்த பருத்திச் சட்டை போட்டிருந்தாள். எடுக்க வேண்டிய அளவுகள் ஏழு: தோள், மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, ஹிப் சுற்று, முழு நீளம், கை நீளம், கைச் சுற்று.

ஒவ்வொரு அளவும் ஒரே மாதிரி அமைந்தது. டீச்சர் டேப்பை வைப்பார், கமரா நெருங்கிப் போகும், திரை முழுக்க டேப்பும் எண்ணும். குரல் சொல்லும்: "தோளோட ஒரு ஓரத்துல இருந்து மத்த ஓரம் வரைக்கும் வைங்க. பாருங்க, பதினாலரை." மார்புக்கு, "ரெண்டு விரல் உள்ள போற மாதிரி லூஸா வைங்க" என்றார். பார்க்க நன்றாகவே இருந்தது. தெளிவான குரல், தேவையற்ற பேச்சு இல்லை. டேப்பின் நெருக்கக் காட்சிதான் இந்த வீடியோவின் பலம் என்று எல்லோரும் நினைத்தோம்.

எண்கள் வந்து சேர்ந்தன. சிலர் குரல் செய்தியாக அனுப்பினார்கள், சிலர் தாளில் எழுதிப் படம் பிடித்தார்கள். 23 பேருக்கும் சேர்த்து வெட்டாமல் முதலில் ஆறு பேருக்கு மட்டும் வெட்டித் தைத்துப் பார்ப்போம் என்றார் டீச்சர். இந்த ஓர்டரில் நடந்த ஆகச் சிறந்த காரியம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

கண்டது

ஆறில் ஒன்று மட்டும் சரியாக நின்றது. நான்கு டாப்புகளில் தோள் தையல் கைமேல் இறங்கிக் கிடந்தது. ஒன்றில் தோள் பெரிது என்பதோடு, உடம்பு முழுவதுமே வேறொரு ஆளுக்குத் தைத்தது போல இருந்தது.

அடுத்த ஞாயிறு டீச்சரும் நாங்களும் தோட்டத்துக்குப் போனோம். புதிதாக அளவெடுத்துத் திருத்திவிட்டு வந்திருந்தால் ஆறு டாப்புகள் சரியாகியிருக்கும், காரணம் தெரியாமலே போயிருக்கும். டீச்சர் வேறு விதமாகச் செய்தார். டேப்பை அவர் தொடவில்லை. "அன்னைக்கி எப்படி எடுத்தீங்களோ, அதே மாதிரி, அதே ஆள வச்சு, அதே டேப்புல எடுத்துக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அக்காவின் அளவை இங்கே முழுவதுமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவர்களிடம் கண்டதெல்லாம் அவரிடம் ஒரே இடத்தில் இருந்தது. அவர் அனுப்பிய எண்கள்: தோள் 16½, மார்பு 38, முழு நீளம் 36 அங்குலம்.

அவருடைய மகள் அளந்து காட்டினாள். குளிர் நேரம், அம்மா ஸ்வெட்டரோடு நின்றார். வீடியோவில் டேப் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சட்டைக் கையின் தையலில் இருந்தது. மாணவியின் சட்டை கச்சிதமாகத் தைத்தது, ஆகவே அந்தத் தையல் தோள் எலும்பின் மேலேயே நின்றது. டீச்சர் வைத்தது எலும்பில். மகள் பார்த்தது தையலை. அதே போல அவளும் அம்மாவின் ஸ்வெட்டர் தையலிலிருந்து மறு தையல் வரை வைத்தாள். கடையில் வாங்கிய தளர்ந்த ஸ்வெட்டரில் அந்தத் தையல் தோளைத் தாண்டிக் கையில் ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கிக் கிடக்கும். அளவு 16½ வந்தது. ஸ்வெட்டரைக் கழற்றி எலும்பிலிருந்து எலும்புக்கு வைத்தபோது 14¼.

மார்புக்கும் அப்படியே படிப்படியாகப் பார்த்தோம். ஸ்வெட்டரோடு, இரண்டு விரல் விட்டு, 38. ஸ்வெட்டரைக் கழற்றியதும் 36½. இரண்டு விரலை எடுத்ததும் 35½. மகள் டேப்பைச் சுற்றும்போது அம்மா இரண்டு கைகளையும் தூக்கியபடியே நின்றதைக் கவனித்து, கையைக் கீழே விடச் சொன்னதும் 35. மூன்று அங்குலம் எங்கிருந்து வந்தது என்பது அந்த நான்கு எண்களில் தெரிந்துவிட்டது.

இரண்டு விரல் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. டாப் தளர்வாக நிற்க டீச்சர் வெட்டும்போது தானே 4 அங்குலம் கூட்டுகிறார். 38 என்று எழுதி வந்ததால் 42 ஆக்கி, நாலால் வகுத்து 10½, பக்கத் தையலுக்கு 1 சேர்த்து 11½ அங்குலத்தில் ஒவ்வொரு கால்பாகத்தையும் வெட்டினார். சரியான அளவு 35 என்றால் 39, நாலில் ஒரு பங்கு 9¾, தையலோடு 10¾. கால்பாகத்துக்கு முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும், சுற்றி வரும்போது அது 3 அங்குலம். தளர்வை அளப்பவரும் விட்டார், வெட்டுபவரும் விட்டார்.

முழு நீளத்தில் தவறு எதிர்ப்பக்கம். நீளம் கழுத்தோடு தோள் சேரும் இடத்திலிருந்து எடுக்க வேண்டும். வீடியோவில் டேப்பின் மேல் நுனி ஒரு நொடி மட்டும் தெரிந்தது. பிறகு கமரா முழங்கால் பக்கத்து எண்ணுக்கு இறங்கிவிட்டது. மகள் தோளின் நடுவைத் தாண்டி, ஓரத்தில் தொடங்கினாள். தோள் கழுத்திலிருந்து சரிந்து இறங்குவதால் அங்கே தொடங்கினால் நீளம் குறைவாக வரும். 36 வந்தது, சரியான நீளம் 38. அகலம் கூடி, நீளம் குறைந்து, டாப் அந்த அக்காவுக்கு ஏன் அப்படி நின்றது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

மற்ற வீடுகளில் கண்டவை சிறியவை, ஆனால் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் டேப்பின் தகரக் காப்பு கழன்று, முதல் அங்குலம் கிழிந்து போயிருந்தது. 1இல் தொடங்கி அளந்திருந்தார்கள், முடிவில் கழிக்க வேண்டும் என்று தெரியாது. இன்னொருவர் "14.5" என்று அனுப்பியிருந்தார். பதினாலரை என்று டீச்சர் எடுத்துக்கொண்டார். அவர் எழுதியது பதினாலுக்கு மேல் ஐந்து கோடு. அங்குலம் டேப்பில் எட்டாகப் பிரிந்திருக்கிறது, ஆகவே அது 14⅝. வேறுபாடு சிறியதுதான். ஆனால் அதே கையால் "36.2" என்று வந்தால் அது 36¼. அதை யாரும் அப்படி வாசிக்க மாட்டார்கள்.

தோள் பதினாலரை என்று எழுதிய ஒரு தங்கச்சிக்கு உண்மையில் 13½. ஏன் என்று கேட்டபோது, வீடியோவில் டீச்சர் சொன்னது பதினாலரைதானே, அதுதான் வர வேண்டும் என்று நினைத்ததாகச் சொன்னாள். அவள் அளக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. அளந்தாள், எண் வேறாக வந்தது, தன் கைதான் பிழை என்று முடிவு செய்தாள்.

முடிவுகளும் காரணங்களும்

அன்றைக்கே, திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, புதிய வீடியோவின் ஒழுங்கு தெளிவாகிவிட்டது. அளவில் பிழை நடப்பது எண்ணில் இல்லை. எண்ணை வாசிக்க எல்லோருக்கும் தெரியும். பிழை டேப் தொடங்கும் இடத்தில், அது உடம்பில் கிடக்கும் விதத்தில், போட்டிருக்கும் உடுப்பில். முதல் வீடியோவின் நெருக்கக் காட்சிகள் எல்லாம் எண்ணின் மேல் இருந்தன. அவர்களுடைய கைபேசிகளில் அந்த எண்ணும் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படம் சுருங்கி, டேப்பின் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று கலங்கிவிட்டிருந்தன.

முதல் முடிவு, அளவெடுத்துக் காட்டும்போது திரையில் எந்த எண்ணும் வரக் கூடாது, குரலும் எந்த எண்ணையும் சொல்லக் கூடாது. பார்க்கிறவர்களுக்கு ஒப்பிட ஒன்றும் கிடைக்கக் கூடாது. டீச்சர் முதலில் தயங்கினார். எண் இல்லாமல் பாடம் எப்படி என்று கேட்டார். எண் கமராவுக்குத் தெரியாதபடி டேப்பை வைத்து எடுத்துப் பார்த்ததும் ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது, நெருக்கக் காட்சி எலும்பு இடங்களில் இருக்க வேண்டும். எலும்பு தோலுக்குள் இருக்கிறது, கமராவில் தெரியாது. இதற்கு வழி சொன்னது அந்த மாணவி. ஒட்டுப் பொட்டு. தோள் எலும்பு இரண்டிலும் ஒவ்வொன்று, கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் ஒன்று, பின்கழுத்து எலும்பில் ஒன்று. லயத்தில் எந்த வீட்டிலும் ஒரு அட்டைப் பொட்டாவது இருக்கும். டேப்பின் நுனி பொட்டைத் தொடுகிறதா என்று பார்ப்பது மட்டும்தான் பிறகு வேலை. இடுப்புக்குப் பாவாடை நாடா. இடுப்பில் நாடாவைக் கட்டிப் பக்கவாட்டில் ஒரு முறை வளைந்து நிமிர்ந்தால், உடம்பு மடிகிற இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாவது, தளர்வு முழுவதும் வெட்டுபவரின் பொறுப்பு. "ரெண்டு விரல்" நீக்கப்பட்டது. உள்ளே இன்னொரு சட்டை போட்டு அதன் மேல் இந்த டாப்பைப் போடுவீர்களா என்ற கேள்வி மட்டும் சீட்டில் சேர்ந்தது. ஆம் என்றால் டீச்சர் ஒரு அங்குலம் கூட்டுவார். ஸ்வெட்டர் எப்படியும் டாப்புக்கு வெளியேதான் போடுவது, அதற்கு அளவில் இடம் வேண்டியதில்லை.

நான்காவது கொஞ்சம் மென்மையான விஷயம். மார்புச் சுற்றை முன்பக்கமிருந்து நெருக்கமாக எடுத்தால் வீட்டில் எல்லோர் முன்னாலும் வைத்துப் பார்க்கக் கூச்சப்படுவார்கள் என்று சங்கத்துத் தலைவி சொன்னார். பின்பக்கமிருந்தே எடுத்தோம். அளவுக்கும் அதுதான் நல்லது, ஏனென்றால் டேப் சரிவது முதுகில்தான். முன்னால் நிற்பவருக்கு அது தெரியாது. எண்களைக் குழுவில் போடாமல் டீச்சருக்கு மட்டும் தனியாக அனுப்பச் சொன்னதும் இதே காரணத்துக்காக.

தோள் அளவுக்கு மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நேரம் ஒதுக்கினோம். சுற்றளவு கூடிவிட்டால் பக்கத் தையலில் பிடிக்கலாம், குறைந்துவிட்டால் உள்ளே விட்ட ஒரு அங்குலத்தில் கொஞ்சம் அவிழ்க்கலாம். தோள் கூடினால் கையைப் பிரித்து, கைக்குழியை மறுபடி வெட்டி, கையைத் திரும்பப் பூட்ட வேண்டும். குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது, துணி அங்கே இல்லை.

புதிய எழுத்துப்படி

கதவைத் திறந்து வைத்து, வாசல் வெளிச்சம் பக்கத்திலிருந்து விழும்படி, காலை பத்து மணிக்கு மேல் எடுத்தது. கைபேசியின் பின் கமராதான். முன் கமராவில் எடுத்துப் பார்த்ததில் வலம் இடமாக மாறித் தெரிந்தது. வலது தோள் என்று குரல் சொல்லும்போது திரையில் இடது தோள் போல இருந்தது. எல்லாக் காட்சியிலும் ஒரே விதி: முதலில் குரல், பிறகு கை. கையும் குரலும் ஒன்றாகப் போனால் பார்ப்பவர் கையை மட்டும் பார்க்கிறார்.

தொடக்கமும் மூன்று அளவுகளும் இப்படி அமைந்தன.

*தொடக்கம்*
திரையில்: மேசையில் பள்ளிக்கூட அடிமட்டம். அதன் மேல் டேப்பின் நுனி.
குரல்: "முதல்ல டேப்ப பார்ப்போம். அடிமட்டத்தோட பூஜ்யமும் டேப்போட நுனியும் ஒன்னா இருக்கணும். அடிமட்டத்துல பன்னெண்டு இஞ்சி வர்ற எடத்துல டேப்புலயும் பன்னெண்டு வரணும். வரலேன்னா பக்கத்து வீட்டு டேப்ப வாங்கிக்கங்க. டேப்புல ரெண்டு பக்கமும் எண் இருக்கும். இஞ்சி பக்கத்த மேல வச்சுக்கங்க."

*தோள்*
திரையில்: பின்பக்கம், பாதி உடம்பு. மெல்லிய சட்டை. கை பக்கவாட்டில் தோள் மட்டத்துக்கு உயர்கிறது. கமரா தோள் நுனிக்கு நெருங்குகிறது. அங்கே ஒரு சிறு குழி விழுவது தெரியும். விரல் அந்தக் குழியில் அமர்கிறது. கை இறங்குகிறது, விரல் அங்கேயே. பொட்டு ஒட்டப்படுகிறது.
குரல்: "ஸ்வெட்டர கழட்டிருங்க. சட்டைத் தையல பார்க்காதீங்க, அது எங்க வேணும்னாலும் இருக்கும். கைய பக்கத்துல தூக்குங்க. தோள் முடியிற எடத்துல ஒரு குழி விழும். அதுல வெரல வச்சுக்கிட்டே கைய எறக்குங்க. வெரலு இருக்கிற எடத்துல பொட்டு. இப்ப தலைய குனிங்க, பின்கழுத்துல ஒரு எலும்பு முட்டும், அதுலயும் ஒன்னு. நிமிருங்க. இந்தப் பொட்டுல இருந்து, கழுத்துப் பொட்ட தொட்டுக்கிட்டு, அந்தப் பொட்டு வரைக்கும்."
திரையில்: டேப்பின் நுனி முதல் பொட்டில் நிற்கும் நெருக்கக் காட்சி, நான்கு நொடி. பிறகு கடைசிப் பொட்டு. எண் தெரியாது.

*மார்புச் சுற்று*
திரையில்: பின்பக்கம். டேப் முதுகின் குறுக்கே. முதலில் வேண்டுமென்றே நடுவில் தொய்ந்து கிடக்கிறது. கை அதை மேலே ஏற்றி நேராக்குகிறது.
குரல்: "அளக்கிறவங்க பின்னால வந்து நில்லுங்க. டேப்ப சுத்துறப்ப கைய தூக்கலாம், சுத்தினதுக்கு அப்புறம் எறக்கிறணும். நேரா பாருங்க அக்கா, குனிஞ்சு எண்ண பார்க்காதீங்க, அத அவங்க பார்ப்பாங்க. டேப்பு முதுகுல தொங்கக் கூடாது. ஒட்டி இருக்கணும், இறுக்கக் கூடாது. லூஸ் நான் விட்டுக்கிறேன், நீங்க விட வேணாம்."

*முழு நீளம்*
திரையில்: முன்பக்கம், கழுத்தோரம் நெருக்கம். கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் பொட்டு. டேப்பின் நுனி அதில். கமரா டேப்போடு மெதுவாகக் கீழே இறங்குகிறது, நடுவில் வெட்டு இல்லை.
குரல்: "கழுத்துக்கிட்ட இருக்கிற பொட்டுல இருந்து மார்பு மேல இறங்கி, எவ்வளவு நீளம் வேணுமோ அது வரைக்கும். நிக்கிறவங்க கீழ பார்க்கக் கூடாது. குனிஞ்சா நீளம் மாறிரும்."

எண் சொல்லும் முறை கடைசியில் வந்தது. கால், அரை, முக்கால் என்று வாயால் சொல்ல வேண்டும், புள்ளி வைத்து எழுதக் கூடாது. இடையில் நின்றால் அடுத்த காலுக்கு ஏற்றிச் சொல்லலாம். ஒவ்வொரு அளவையும் டேப்பை முழுக்க எடுத்துவிட்டு இரண்டாம் முறை வைக்க வேண்டும். இரண்டுக்கும் அரை அங்குலத்துக்கு மேல் வேறுபாடு வந்தால் மூன்றாம் முறை. எண்ணைச் சொல்வது அளப்பவர், எழுதுவது வேறொருவர். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் அந்த வேலையை அவர்களே பறித்துக்கொண்டார்கள்.

வீடியோவை ஒன்றாக அனுப்பாமல் ஏழு துண்டுகளாக அனுப்பினோம். ஒரு அளவைப் பார்த்து, நிறுத்தி, அளந்து, பிறகு அடுத்ததைத் திறக்கலாம். டேட்டா குறைவாக இருப்பவருக்கும் அது வசதி.

பிறகு நடந்தது

மீதி 17 பேரில் இருவரை நேரில் அளக்க வேண்டி வந்தது, காரணம் கீழே. 15 பேரின் அளவு இரண்டாவது வீடியோவைப் பார்த்து எடுத்தது. பன்னிரண்டு டாப்புகளைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. இரண்டில் பக்கத் தையலைப் பிடித்தார்கள். ஒன்றில் நீளம் குறைவாக இருந்தது. அது வீடியோவின் குறை அல்ல, அந்தப் பெண் போட்டுப் பார்த்த பிறகு முழங்கால் வரை வேண்டும் என்று மனம் மாறினார். தோள் தையல் கைமேல் இறங்கியது ஒன்று கூட இல்லை.

முதல் ஆறில் பிழையான ஐந்தையும் டீச்சர் திருத்தினார். மேலே சொன்ன அக்காவின் டாப்பில் கைகளைப் பிரித்து, 14¼ தோளுக்குக் கைக்குழியை மறுபடி வெட்டி, பக்கத்தில் 3 அங்குலம் பிடித்தார். கீழ் மடிப்புக்கு ஒன்றரை அங்குலம் விட்டிருந்ததால் அதை அவிழ்த்து, உள்ளே தனித் துணி வைத்து மடித்து, 1¼ அங்குலம் நீளம் எடுத்தார். முக்கால் அங்குலம் குறைவாகவே நின்றது. அதற்கு மேல் துணி இல்லை. கைக்குழியை மறுபடி வெட்டும் வேலை ஒரு டாப்புக்குப் புதிதாகத் தைக்கும் நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்டது. அந்தக் கூலியை டீச்சர் வாங்கவில்லை. சங்கம் அதற்குச் சம்மதிக்காமல் பண்டிகைப் பலகாரத்தோடு சேர்த்து அனுப்பியது வேறு கதை.

தனியாக இருந்த ஒரு பெண் வீடியோவைப் பார்த்துத் தன்னைத் தானே அளந்து அனுப்பினார். மார்புக்கு எண் நம்பும்படி இல்லை, ஹிப்பைவிட இடுப்பு பெரிதாக எழுதியிருந்தார். சீட்டைப் பார்த்ததும் டீச்சர் பிடித்துவிட்டார். நாடா கீழே நழுவி ஹிப்பில் உட்கார்ந்திருந்தது, இரண்டையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் அளந்திருந்தார். பக்கத்து லயத்துப் பெண் போய் அளந்து கொடுத்தார். முதுகில் டேப் சரிவதைத் தானே பார்த்துக்கொள்ள ஒருவராலும் முடியாது. ஆள் இல்லாமல் சுற்றளவு எடுக்க வேண்டாம் என்பதை வீடியோவின் தொடக்கத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

சீட்டில் டீச்சர் பார்த்த அந்தச் சரிபார்ப்பை முறையாக்கலாம். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு சீட்டிலும் ஹிப்புக்கும் இடுப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்பது, தோள் அளவை அந்த ஆளின் சாரிச் சட்டையின் தோளோடு ஒப்பிடுவது. சாரிச் சட்டை டாப்புக்கு மாதிரியாகாது என்றாலும் அதன் தோள் நன்றாகப் பொருந்துவதாக இருந்தால் தோளுக்கு மட்டும் நம்பலாம். அந்தப் பழைய வழக்கத்தை நாங்கள் முழுதாக ஒதுக்கியிருக்க வேண்டியதில்லை. சட்டையைத் தரையில் விரித்து, தையலிலிருந்து தையலுக்கு அளந்து ஒரு படம் அனுப்பச் சொன்னால் போதும்.

நேரில் அளக்க வேண்டி வந்த இருவர் வயதானவர்கள். முதுகு வளைந்தவர்கள். இவர்களுக்கு ஏழு அளவும் சரியாக எடுத்தாலும் டாப் சரியாக நிற்காது. முதுகின் வளைவில் துணி கூடுதலாகச் செலவாகும், முன்பக்கம் துணி மிஞ்சும். ஒரே நீளத்தில் வெட்டினால் பின்பக்க ஓரம் மேலே ஏறி, முன்பக்கம் தொங்கும். அவர்களுக்குப் பின்கழுத்துப் பொட்டிலிருந்து இடுப்பு நாடா வரை ஒரு அளவும், கழுத்தோரப் பொட்டிலிருந்து முன்பக்கமாக நாடா வரை ஒரு அளவும் தனித்தனியே வேண்டும். டீச்சர் முன் துண்டையும் பின் துண்டையும் வெவ்வேறு நீளத்தில் வெட்டினார். பின் துண்டைக் கழுத்துப் பக்கத்திலும் கொஞ்சம் உயர்த்தினார்.

பொட்டும் நாடாவும் ஏற்கெனவே உடம்பில் இருப்பதால் இந்த இரண்டு அளவையும் எட்டாவது, ஒன்பதாவது துண்டாகச் சேர்ப்பது கடினமல்ல. ஆனால் எல்லோருக்கும் அனுப்பினால் தேவையில்லாதவர்களும் எடுத்து அனுப்பிக் குழப்புவார்கள். சீட்டில் "இப்ப போடுற சட்டை பின்னால மேல ஏறுதா?" என்று ஒரு கேள்வி இருக்கும். ஆம் என்று சொன்னவருக்கு மட்டும் அந்தத் துண்டுகள் போகும். பொங்கலுக்கு வரவிருக்கும் ஓர்டருக்கு டீச்சர் இப்படித்தான் எடுக்கப் போகிறார்.